மாதம் 13,075 ரூபாய் டியூ: கார் உண்மையில் எவ்வளவு கேட்கும் என்று வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடுவது எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி பையன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கையில் ஒரு கொட்டேஷன் தாளோடு வந்திருந்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், கைக்கு வருவது மாதம் 55,000. "ஷோரூம்ல எல்லாம் பேசியாச்சுங்ணா, மாசம் பதிமூணாயிரந்தான் டியூ. ஒன்னே முக்கால் லட்சம் கட்டுனாப் போதும், வண்டி ஊட்டு முன்னாடி வந்து நின்னுக்கும்" என்றான். நான் அதே ஊரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், தாளைப் பார்த்ததும் கை பேனாவைத் தேடிவிட்டது. அன்று அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன். முதல் கார் வாங்கப் போகிறவர்கள் உங்கள் தாளில் இருக்கும் எண்களை வைத்து இதையே போட்டுப் பார்க்கலாம்.

வண்டி எந்த கம்பெனி, என்ன மாடல் என்று சொல்லப் போவதில்லை. 8 லட்சம் விலையுள்ள சின்னப் பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுவிற்பனை விலை, மைலேஜ், சர்வீஸ் செலவு எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும், நான் போட்டிருப்பது என் அனுமானம். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் படி: கொட்டேஷனை இரண்டாகக் கிழியுங்கள்

நிஜமாகவே கிழிக்க வேண்டாம், நடுவில் ஒரு கோடு போட்டால் போதும். கோட்டுக்கு மேலே நாளைக்கு விற்றால் திரும்பி வரக்கூடிய பணம், கீழே எந்தக் காலத்திலும் திரும்பாத பணம்.

தம்பியின் தாளில் எக்ஸ் ஷோரூம் விலை 8,00,000. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 1,04,000. (2023 நவம்பருக்கு முன்பு இது 10 சதவீதம்தான். 10 லட்சத்தைத் தாண்டினால் இப்போது 18 சதவீதம், அதனால் ஒன்பதே முக்கால் லட்சத்து வண்டியிலிருந்து பத்தேகால் லட்சத்து வண்டிக்குத் தாவுகிறவர் ஐம்பதாயிரம் கூடுகிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறார், வரியையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுகிறது.) இன்சூரன்ஸ் 38,000. இதில் மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி சேர்ந்திருக்கும், புது காருக்கு அது கட்டாயம். பதிவுச் செலவு 3,000. சீட் கவர், மேட், கூடுதல் வாரண்டி, கேட்காமலே எழுதியிருந்த ஏதோ ஒரு கோட்டிங் எல்லாம் சேர்த்து 35,000. ஆக ஆன்ரோடு 9,80,000.

கோட்டுக்கு மேலே 8 லட்சம், கீழே 1,80,000. இப்போது தம்பி கட்டப் போகும் முன்பணம் எவ்வளவு என்று பாருங்கள், அதே 1,80,000. அவன் தன் சேமிப்பு முழுக்க வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் சீட் கவருக்கும் கொடுத்துவிட்டு, காரை நூற்றுக்கு நூறு கடனில் எடுக்கிறான். "ஒன்னே முக்கால் லட்சம் என் காசு போட்டிருக்கேன்" என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த காசு காரில் இல்லவே இல்லை.

இந்தப் படியிலேயே கொஞ்சம் குறைக்கலாம். ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது, வெளியே ஒரு விலை வாங்கி வந்து காட்டினாலே அவர்கள் இறங்கி வருவார்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், கேட்ட இடத்தில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். ஏற்கெனவே ஒரு காரை விற்றுவிட்டு வாங்குகிறீர்கள் என்றால் பழைய பாலிசியில் சேர்ந்திருக்கும் நோ க்ளைம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குத்தான் சொந்தம். அதிகபட்சம் 50 சதவீதம் வரை சேரும், புது பாலிசிக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் விட்டுப் பணம் இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பல பேர்.

இரண்டாவது: வண்டி விலையும் கடன் பாக்கியும் பக்கம் பக்கமாக

நம் ஊரில் காரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் "டியூ எவ்வளவு" என்று கேட்பார்கள், "இன்னிக்கு வித்தா என்ன வரும், பாக்கி எவ்வளவு நிக்குது" என்று கேட்க மாட்டார்கள். ஆட்டைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ பேசும்போது அதே ஆள் முதலில் கேட்பது விற்றால் என்ன வரும் என்பதைத்தான்.

8 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 84 மாதம். டியூ 13,075. முதல் மாதம் கட்டும் 13,075இல் 6,333 வட்டிக்கே போய்விடும், அசலில் 6,742தான் குறையும். போகப் போக இது மாறும், ஆனால் மெதுவாக மாறும். கார் விலையோ தலைகீழ், ஆரம்பத்தில்தான் வேகமாக இறங்கும். இறங்குகிற இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கடன் பாக்கியை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, போனிலேயே கூகுள் ஷீட்ஸில் போட்டுப் பார்க்கலாம். முதல் வரி டியூவைச் சொல்லும், இரண்டாவது வரி 12 டியூ கட்டிய பிறகு (அதாவது 72 டியூ மீதி இருக்கும்போது) நிற்கும் பாக்கியைச் சொல்லும்:

```
=PMT(9.5%/12, 84, -800000)
=PV(9.5%/12, 72, -13075)
```

இரண்டாவது வரிக்கு 7,15,000 சொச்சம் வரும். ஒரு வருடம் ஓடிய அந்த வண்டியை விற்கப் போனால் 6,75,000 கிடைத்தால் நல்ல விலை. முன்பணம் 1,80,000, பன்னிரண்டு டியூ 1,57,000, ஆக 3,37,000 கொடுத்துவிட்டு, வண்டியையும் கொடுத்து, மேற்கொண்டு 40,000 கையிலிருந்து போட்டால்தான் கடன் தீரும். மூன்றாவது வருட முடிவில் பாக்கி 5,20,000, வண்டி 5,70,000 என்று தலை கொஞ்சம் தண்ணீருக்கு மேலே வரும். அதற்குள் 36 டியூவில் 4,70,000 கட்டியிருப்பான், அதில் 1,91,000 வட்டி.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் முதல் காரும் ஏழு வருட டியூதான். இரண்டாவது வருடம் எக்ஸ்போர்ட் ஆர்டர் சுருங்கி மூன்று மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. வண்டியைக் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று போனால், பாக்கியோடு முன்கூட்டியே முடிப்பதற்கு ஒரு கட்டணமும் சேர்த்துக் கேட்டார்கள். பழைய கார் கன்சல்டிங்கில் கொடுத்த விலை போக 70,000 குறைந்தது. வீட்டுக்காரம்மா செயின் அடகுக்குப் போனது அதற்காகத்தான். காரே இல்லாதவன் காருக்காக நகையை மீட்ட கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

அதனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வட்டி நிலையானதா, மாறக்கூடியதா, முன்கூட்டியே கட்டினால் கட்டணம் எத்தனை சதவீதம். கார் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் வரும், அதில் இந்தக் கட்டணம் இருக்கும். இன்சூரன்ஸையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வண்டி முழுக்க நொறுங்கினால் பாலிசி தருவது வாங்கிய விலையை அல்ல, ஐ.டி.வி. எனும் மதிப்பைத்தான். அந்த மதிப்பு முதல் வருட முடிவிலேயே 15 சதவீதம் இறங்கிவிடும், ஐந்தாவது வருட முடிவில் பாதி. நிறையக் கடனில் எடுப்பவர்கள் முதல் இரண்டு மூன்று வருடத்துக்காவது இன்வாய்ஸ் விலையைத் தரும் கூடுதல் கவரைப் போட்டுக்கொள்வது நல்லது.

தேய்மானம் நம் கையில் இல்லாத காரணங்களாலும் வரும். 2025 செப்டம்பர் 22 அன்று சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸுமாக இருந்தது 18 ஆகக் குறைந்தது. வாங்கப் போகிறவர்களுக்குச் சந்தோஷம். அதற்கு முந்தின மாதம் வாங்கியவருக்கோ, புது வண்டியே அவ்வளவு இறங்கிவிட்ட பிறகு பழசுக்கு யார் பழைய விலை கொடுப்பார்கள்?

மூன்றாவது: ஐந்து வருடத்தின் முழுச் செலவு

இதுதான் தம்பியை உட்கார வைத்த கணக்கு. ஐந்து வருடம் வைத்திருந்து விற்கிறான், வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டோம்.

தேய்மானம்: 9,80,000க்கு வாங்கி 4,25,000க்கு விற்றால் 5,55,000. ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி 2,69,000. பெட்ரோல், நம்ம ஊர் டிராஃபிக்கில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 3,12,500. அடுத்த நாலு வருட இன்சூரன்ஸ் 54,000. சர்வீஸ், ஒரு செட் டயர், ஒரு பேட்டரி சேர்த்து 90,000. டோல், பார்க்கிங், வாட்டர் வாஷ், எங்கேயாவது உரசினால் பட்டி டிங்கரிங் என்று 30,000.

கூட்டினால் 13,10,500. அறுபது மாதத்தால் வகுத்தால் மாதம் 21,800. ஐம்பதாயிரம் கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 26 ரூபாய்.

"பதிமூணாயிரந்தான்" என்று வந்தவன் 55,000 சம்பளத்தில் 21,800 கொடுக்கப் போகிறான். அதிலும் பெட்ரோல் கண்ணுக்குத் தெரிகிற செலவு, அதைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புவோம். பெரிய செலவான தேய்மானம் வருடத்துக்கு 1,11,000, அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை, விற்கிற அன்றைக்கு ஒரே அடியாக வந்து நிற்கும். மைலேஜ் ரெண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுக்கிறது என்று விலை கூடின வண்டிக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்கைத்தான் காட்டுவேன். 16க்குப் பதில் 18 கொடுத்தால் ஐந்து வருடத்தில் மிச்சமாவது 35,000தான்.

இந்தக் கணக்கில் மிக முக்கியமான எண் வருடம் எத்தனை கிலோமீட்டர் என்பது, அதைத்தான் எல்லோரும் கற்பனையில் சொல்கிறார்கள். தம்பி கம்பெனிக்குப் பைக்கில் போகிறான், கார் வந்தாலும் பைக்கில்தான் போவான், அந்தப் பின்னலாடைத் தெருக்களில் காரை எங்கே நிறுத்துவது? போன மூன்று மாதத்தில் கார் இருந்திருந்தால் எங்கெல்லாம் போயிருப்பாய் என்று எழுதச் சொன்னேன். கோபிக்கு நாலு தடவை, இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, பழனிக்கு ஒரு நடை, அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை. கூட்டினால் 1,300 கிலோமீட்டர் கூட வரவில்லை, வருடத்துக்கு 5,000 என்று வையுங்கள். பெட்ரோலும் தேய்மானமும் கொஞ்சம் குறையும், வட்டியும் வரியும் இன்சூரன்ஸும் குறையாது. அப்போது கிலோமீட்டருக்கு 40 ரூபாயைத் தாண்டிவிடும். அந்த விலைக்கு டிரைவரோடு ஏ.சி. கால் டாக்ஸி வரும், முகூர்த்த நாளில் மட்டும் கிடைப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நான் லேசாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை வீட்டு விசேஷத்துக்குக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் தொங்கியவனுக்கு அது தெரியும். ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

நான்காவது: வட்டியை நம் ஊர் பாஷையில் சொல்கிறவரிடம் உஷார்

பழைய கார் வாங்கப் போனால் இது அதிகம் மாட்டும். கொங்கு நாட்டில் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் பேச்சு. ஒரு வட்டி என்றால் வருடம் 12 சதவீதம், ரெண்டு வட்டி என்றால் 24. அதனால் பைனான்ஸில் "முக்கால் வட்டிதானுங்க, வெறும் எழுபத்தஞ்சு பைசா" என்றால் நமக்கு உடனே 9 சதவீதம் என்று மனசுக்குள் ஓடும், பேங்க்கை விடக் குறைவு என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவோம்.

அவர்கள் சொல்வது பொய் அல்ல. ஆனால் அது மொத்த அசலுக்கும் கடைசி வரை போடும் நேர் வட்டி. 4 லட்சம், 48 மாதம், முக்கால் வட்டி என்றால் மாதம் 3,000 வீதம் 1,44,000 வட்டி. அசலோடு சேர்த்து 5,44,000, அதை 48ஆல் வகுத்து டியூ 11,333. கைமாற்று வாங்கும்போது அசல் கடைசி வரை நம்மிடமே இருக்கும், அதனால் முழு அசலுக்கு வட்டி கொடுப்பது நியாயம். இங்கே மாதாமாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். நாற்பதாவது மாதம் நம்மிடம் நிற்பது 75,000தான் என்று அவர்கள் கணக்கே சொல்லும், ஆனாலும் 4 லட்சத்துக்கான 3,000 வட்டியையே கொடுப்போம். உண்மையான வட்டி என்ன என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
=RATE(48, -11333, 400000)*12
```

விடை கிட்டத்தட்ட 16 சதவீதம். முக்கால் வட்டி என்று வாங்கியது ஒன்றேகால் வட்டிக்கும் மேலே. அதுமட்டுமில்லை, டாக்குமெண்ட் சார்ஜ், கடனோடு கட்டாயமாகச் சேர்க்கும் இன்சூரன்ஸ் என்று 4 லட்சத்தில் 12,000 பிடித்துக்கொண்டு கொடுத்தால் மூன்றாவது எண்ணில் 388000 போடுங்கள், வட்டி இன்னும் ஏறும். வங்கிகளும் என்.பி.எஃப்.சி. எனும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது, 2024 அக்டோபரிலிருந்து எல்லாச் சில்லறைக் கடனுக்கும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும், கட்டணங்களையும் சேர்த்த வட்டி அதுதான். இரண்டு இடத்தை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். தாளே தர மாட்டேன் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சொத்து சேர்வதைக் கார் கடன் எங்கே தடுக்கிறது

தம்பிக்கு அடுத்த கனவு அவிநாசிப் பக்கம் ஒரு மூன்று சென்ட் சைட்டும் வீடும். வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி சம்பளத்தை மட்டும் பார்க்காது, ஏற்கெனவே ஓடும் டியூக்களைக் கழித்துவிட்டு மீதியில்தான் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்கும். 8.5 சதவீதத்தில் 20 வருட வீட்டுக் கடனுக்கு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் டியூ. 13,075ஐ 868ஆல் வகுத்துப் பாருங்கள், 15. அதாவது இந்தக் கார் டியூ ஓடுகிற வரைக்கும் அவனுக்குக் கிடைக்கும் வீட்டுக் கடன் சுமார் 15 லட்சம் குறையும். ஏழு வருடம் கழித்து அந்தத் தடை நீங்கும்போது சைட் விலை அதே இடத்தில் நிற்குமா என்று அவனே கேட்டுக்கொண்டான்.

இன்னொரு கணக்கு. கையிலிருக்கும் 1,80,000ஐ எஃப்.டி.யில் போட்டுவிட்டு, கட்டத் தயாராக இருந்த அந்த 13,075ஐ 7 சதவீத ஆர்.டி.யில் போட்டால் 25 மாதத்தில் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தப் பணத்துக்கு இதே மாடல் நாலு வருடப் பழசு கிடைக்கும்: வண்டி 5 லட்சம், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வாங்கியதும் செய்ய வேண்டிய டயர் பேட்டரி வேலைகளுக்கு 55,000. ஐந்து வருடம் ஓட்டி 2,50,000க்கு விற்றால் தேய்மானம் 3,05,000. பெட்ரோல் அதேதான். பழைய வண்டி என்பதால் ரிப்பேருக்கு 90,000க்குப் பதில் 1,40,000 வைத்தேன். இன்சூரன்ஸ், இதர செலவு எல்லாம் சேர்த்தும் மொத்தம் 8,35,000தான் வருகிறது, புதுசுக்கும் இதற்கும் 4,75,000 வித்தியாசம்.

ஏழு வருட முடிவில் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். இன்றைக்கே கடனில் எடுத்தவனிடம் ஏழு வருடப் பழைய கார் ஒன்று இருக்கும், டியூ அன்றுதான் முடிந்திருக்கும். காத்திருந்தவனிடம் ஒன்பது வருடப் பழைய கார் இருக்கும், கார் வாங்கிய பிறகும் அதே 13,075ஐ 59 மாதம் ஒதுக்கியிருந்தால் 7,71,000 அசலும் அதன் வட்டியும் இருக்கும். ஒதுக்காமல் செலவழித்தால் இருக்காது, அது வேறு விஷயம். டியூ என்றால் பயந்து கட்டுவோம், ஆர்.டி. என்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் உடைப்போம். இதற்கு என்னிடம் மருந்து இல்லை, சம்பளம் வந்த மறுநாளே பிடிக்கும்படி போடுவதைத் தவிர.

தொழில் செய்கிறவர்கள் "கம்பெனி பேர்ல எடுத்தா டேக்ஸ் மிச்சம்" என்பார்கள். மிச்சம்தான், எவ்வளவு என்று பாருங்கள். 10 லட்சத்து வண்டிக்கு முதல் வருடம் 15 சதவீதம், 1,50,000 தேய்மானம் எழுதலாம் (ஆறு மாதத்துக்கும் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி). 30 சதவீத வரியில் இருப்பவருக்கு 45,000 மிச்சம், அடுத்தடுத்த வருடம் அதுவும் குறைந்துகொண்டே போகும். கட்டிய ஜி.எஸ்.டி.யை இன்புட் எடுக்கலாம் என்று நினைத்திருந்தால், சாதாரணத் தொழிலுக்குச் சொந்தமாக ஓட்டும் காரில் அது கிடையாது. தேவையான வண்டிக்கு இது ஒரு சலுகை. வரி மிச்சத்துக்காகவே வண்டி எடுப்பது, சுங்கடிச் சேலைக்குத் தள்ளுபடி இருக்கிறதென்று கடையையே விலைக்கு வாங்குகிற மாதிரி.

பழைய வண்டியைப் பார்க்கும்போது

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் எங்கள் அப்பாரு மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் விலை பேசியதே இல்லை. கார் கன்சல்டிங்கில் அதே ஆட்களின் பேரன்கள் பாலிஷ் பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

முதலில் ஆர்.சி.யைப் பரிவாகன் தளத்திலோ ஆப்பிலோ போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், கடன் அடமானம் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எது வரை, அபராதச் சலான் பாக்கி உண்டா என்பதெல்லாம் தெரியும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. 2021இல் வாங்கிய வண்டி, 28,000தான் ஓடியிருக்கிறது என்கிறார், டயரில் 2024 இருக்கிறது என்றால், அதற்குள் ஏன் டயர் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே மீட்டரைத் திருப்பியது தெரிந்துவிடும். சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளை வாங்கிக் கிலோமீட்டரை ஒத்துப் பாருங்கள். பானெட்டையும் கதவையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமும் பெயின்ட் உரிசலும் இருந்தால் அந்தப் பாகம் கழற்றி மாட்டப்பட்டது. சென்னையிலிருந்து வந்த வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இருக்கலாம். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். எல்லாம் சரி என்றாலும், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துவிடுங்கள், விற்கிறவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

அடமானம் நிற்கும் வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கைக்கு வந்து ஆர்.சி.யில் அது நீங்கும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். அப்புறம் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் பெயரிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது இருவருக்குமே தலைவலி.

கடனில்தான் எடுக்க வேண்டும் என்றால்

சில பேருக்குக் காத்திருக்க முடியாது. வீட்டில் டயாலிசிஸுக்குப் போகிறவர் இருக்கலாம், வேலையே ஊர் ஊராகச் சுற்றுவதாக இருக்கலாம். அப்போது நான் பார்ப்பது இரண்டுதான். முன்பணம், வரியும் இன்சூரன்ஸும் போக எக்ஸ் ஷோரூம் விலையிலும் ஐந்தில் ஒரு பங்கையாவது தொட வேண்டும், அப்போதுதான் பாக்கி வண்டி விலைக்கு மேலே போகாது. தவணை நாலு வருடம், மிஞ்சினால் ஐந்து. இதே 8 லட்சத்தை 60 மாதத்தில் கட்டினால் டியூ 16,800, வட்டி 2,08,000. 84 மாதத்தில் வட்டி 2,98,000. மாதம் 3,700 குறைவதற்காக 90,000 கூடுதல். 16,800 கட்ட முடியாது என்று தோன்றினால் தவணையை நீட்டாதீர்கள், வண்டியைச் சின்னதாக்குங்கள்.

தம்பி தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். "புக்கிங் பத்தாயிரம் கட்டிட்டேங்ணா, திருப்பிக் குடுப்பாங்களா?" என்று வாசலில் செருப்பு போடும்போது கேட்டான். ரசீதைப் பார்த்தேன். வண்டிக்கு இன்வாய்ஸ் போடாத வரை பிடித்தம் எதுவும் இல்லை என்று பொடி எழுத்தில் பின்பக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் எழுத்தில் ஒரு மெயில் போடச் சொன்னேன், போனில் சொல்வது போதாது. எட்டாவது நாள் பணம் வந்துவிட்டது, அதைத்தான் ஆர்.டி.யின் முதல் தவணையோடு சேர்த்துப் போட்டிருக்கிறான்.